ஒரு நாளைக்கு எத்தினை கலோரி போதும்? நிறை கூடாம குறையாம நிக்கிற கணக்கை வீட்டில எடுக்கிற முறை

இஞ்ச கிளிநொச்சிப் பக்கம் இப்ப கன பேர் போனில ஒரு கல்குலேற்றரைத் திறந்து வயசு, உயரம், நிறை அடிச்சு, கீழ வாற நம்பரை அப்பிடியே எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் கூட்டிக் குறைக்கினம். ஒரு மாசத்தில ஒண்டும் நடக்கேல்லை எண்டதும் "எனக்கு உடம்பு வாசி அப்பிடி" எண்டு விட்டுடுவினம். உடம்பில பிழையில்லை, பாதிக் கணக்கோட நிப்பாட்டினதுதான் பிழை. அந்த நம்பர் வெறும் தொடக்கம், மிச்சம் தராசிலயும் கொப்பியிலயும்தான் வரும். ஒழுங்கு மாறாமச் செய்தால் கிட்டத்தட்ட 5 கிழமையில உங்கட சொந்த நம்பர் கையில இருக்கும்.

கலோரி எண்டு நான் சொல்லுறது பிஸ்கட் பக்கற்றில kcal எண்டு போட்டிருக்கிற அதே கணக்கு.

1. தொடங்க முதல் கையில இருக்க வேண்டியது

ஆள் ஏறி நிக்கிற டிஜிற்றல் தராசு ஒண்டு, குசினியில கிராமில நிறுக்கிற சின்னத் தராசு ஒண்டு, அளவு நாடா, கொப்பி. அவ்வளவுதான். தராசு விலை கூடினதா இருக்க வேணும் எண்டில்லை, ஆனா ஒரே மாதிரிக் காட்ட வேணும்.

அதைப் பாக்க ஒரு வழி: தராசைச் சீமெந்துத் தரையில வச்சு ஏறி நிறையைப் பாருங்கோ, பிறகு 5 லீற்றர் தண்ணிக் கானை நிரப்பித் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறுங்கோ. வித்தியாசம் 5 கிலோவும் கானின்ர சொற்ப நிறையும் வந்தா தராசு சரி. மண் தரையிலயோ பாயிலயோ வச்சா அடிப்பக்கம் பதிஞ்சு ஒவ்வொரு முறையும் ஒவ்வொண்டு காட்டும், இடத்தை மாத்தி மாத்தி வச்சாலும் அதே கதைதான். ஒரு மூலையைத் தெரிவு செய்து அந்த மூலையிலயே வையுங்கோ.

உயரத்தைச் செருப்பில்லாம சுவரோட நிண்டு சென்ரிமீற்றரில அளக்கிறது நல்லம். 5 அடி 11 அங்குல ஆள் 5.11 எண்டு அடிச்சு அதைச் சென்ரிமீற்றருக்கு மாத்தினால் 156 மாதிரி வரும், உண்மையில அவர் 180. அந்த ஒரு புள்ளியால மட்டும் 150 கலோரி பிழைக்கும்.

2. இந்தக் கணக்கோட தொடங்கக் கூடாத ஆக்கள்

கர்ப்பிணிகள், பால் குடுக்கிற தாய்மார், 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையள், சீனி வியாதிக்கு இன்சுலின் அல்லது மருந்து எடுக்கிற ஆக்கள், தைரொயிட், சிறுநீரகப் பிரச்சினை உள்ள ஆக்கள் முதல்ல கிளினிக்கில கதைச்சிட்டுத்தான் இதில கை வைக்க வேணும். சாப்பாட்டை எழுதத் தொடங்கினா மனசு குழம்பிப் பட்டினி கிடக்கிற பழக்கம் உள்ள ஆக்களுக்கும் இது வேண்டாம்.

எங்கட பக்கத்தில இன்னொண்டையும் சொல்ல வேணும், ஏனெண்டா எந்தக் கல்குலேற்றரும் இதைக் கேக்காது. கால் இழந்த ஆக்கள் பொய்க்காலைக் கழட்டிப்போட்டு, கதிரையில இருந்தோ ஆரும் பிடிக்கவோ பாதுகாப்பா நிறுக்க வேணும், பொய்க்காலின்ர நிறை எரிக்காது. உயரத்துக்கு முந்தின உயரத்தைப் போடலாம். ஆனா பொய்க்காலோட நடக்கிறதுக்கு, முழங்காலுக்கு மேல போன ஆக்களுக்குக் குறிப்பா, அதே தூரத்துக்குக் கூடச் சக்தி செலவாகும். அதால 3ம் 4ம் படியில வாற நம்பரை அவை இன்னும் தளர்வாத்தான் எடுக்க வேணும். 6இலிருந்து 8 வரைக்கும் உள்ள படியள் அவைக்கும் அப்பிடியே பொருந்தும், ஏனெண்டா அதில சூத்திரமே இல்லை.

3. சும்மா கிடந்தாலும் எரியிற கலோரியை எடுங்கோ

முதல்ல இதை எடுக்கிறதுக்குக் காரணம், ஒரு நாளில எரியிறதில பெரும்பங்கு கன பேருக்கு இதுதான். மூச்சு, இதயம், மூளை, ஈரல், உடம்புச் சூடு எல்லாம் இதுக்குள்ள. பல சூத்திரம் இருக்கு, நான் பாவிக்கிறது Mifflin-St Jeor எண்டு வாறது, கன கல்குலேற்றருக்குள்ளயும் இருக்கிறது இதுதான்.

```
ஆண்:  10 × கிலோ + 6.25 × செ.மீ − 5 × வயது + 5
பெண்: 10 × கிலோ + 6.25 × செ.மீ − 5 × வயது − 161
```

ஒரு ஆளை வச்சுப் பாப்பம். கார்மென்ட்ஸில தையல் மெஷினில இருக்கிற ஒரு அக்கா, வயசு 38, உயரம் 158, நிறை 64 கிலோ. 640ஐயும் 987.5ஐயும் கூட்டி, அதில 190ஐயும் 161ஐயும் கழிச்சா 1276.5. நாங்கள் 1277 எண்டு வைப்பம்.

இதை அவ சாப்பிட வேண்டிய அளவு எண்டு எடுக்கிற பிழை நிறைய நடக்குது. "எனக்கு 1277 தானாம்" எண்டு இரவுச் சாப்பாட்டை விட்டுப்போட்டு அடுத்த நாள் மெஷினில தலை சுத்தி இருக்கிறது. இது நாள் முழுக்க அசையாமக் கிடந்தா எரியிறது மட்டும். எழும்பி நடக்கிற, வேலை செய்யிற கணக்கு இன்னும் சேரேல்லை.

4. வேலையைப் பேரால இல்லை, மணித்தியாலத்தால அளவுங்கோ

எனக்குத் தெரிய ஆக்கள் கூடத் தடக்குப்படுறது இதிலதான், அதால இதைக் கொஞ்சம் மெதுவாப் பாப்பம்.

கல்குலேற்றரில ஒரு வரிசை இருக்கும், 1.2, 1.375, 1.55, 1.725, 1.9 எண்டு. பக்கத்தில "குறைஞ்ச வேலை", "நடுத்தரம்", "கடும் வேலை" எண்ட மாதிரி இருக்கும். அக்காவைக் கேட்டா யோசிக்காமலே கடும் வேலையைத்தான் அமத்துவா, ஏனெண்டா காலமை 4.30க்கு எழும்பி இரவு 9.30க்குப் படுக்கேக்க இடுப்பு முறிஞ்ச மாதிரி இருக்கும். 1277 × 1.725 = 2203. பக்கத்து வீட்டில ஒரு தங்கச்சி "அக்கா நீங்கள் இருந்துகொண்டுதானே வேலை செய்யிறியள்" எண்டு 1.375ஐ அமத்தினா 1756. ஒரே ஆளுக்கு இரண்டு பதில், வித்தியாசம் கிட்டத்தட்ட 450 கலோரி, அதாவது ஒரு கோப்பை சோறு. சூத்திரத்தில வாற பிழையை விட இந்த ஒரு அமத்திலில வாற பிழை பெரிசு.

களைப்பும் கலோரியும் ஒண்டில்லை. எட்டு மணித்தியாலம் குனிஞ்சு இருந்து கண்ணைக் கூர்மையா வச்சுத் தைக்கிறது கழுத்தையும் மனசையும் களைக்கப் பண்ணும், ஆனா பெரிய தசையள் அசையாததால எரியிறது குறைவுதான். அதால வேலையின்ர பேரை விட்டுப்போட்டு 24 மணித்தியாலத்தைப் பிரிச்சு எழுதுங்கோ. ஒவ்வொரு வேலைக்கும், சும்மா கிடக்கிறதை விட எத்தினை மடங்கு எரியுது எண்டு ஐ.நா.வின்ர உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து போட்ட அறிக்கையில மடங்கு இருக்கு: நித்திரை 1, பஸ்ஸில இருக்கிறது 1.2, ஆறுதலா இருக்கிறது 1.4, சமையல் 2.1, வீட்டு வேலை 2.8, சுமை இல்லாம நடக்கிறது 3.2, மெஷின் இல்லாத தோட்ட வயல் வேலை 4.1, தண்ணி அள்ளுறது விறகு சேர்க்கிறது 4.4. இருந்து தைக்கிறதுக்கு 1.5 போடலாம்.

அக்காவின்ர ஒரு வேலை நாள் இப்பிடி:

- நித்திரை 7 மணித்தியாலம் × 1 = 7
- தையல் மெஷின் 8.5 × 1.5 = 12.75
- பஸ் 1.5 × 1.2 = 1.8
- சமையல் 2 × 2.1 = 4.2
- கூட்டுறது, உடுப்புத் தோய்க்கிறது 1.5 × 2.8 = 4.2
- குளிப்பு, வெளிக்கிடுறது, சாப்பாடு 1.5 × 2 = 3
- பஸ் எடுக்க நடக்கிறது 0.5 × 3.2 = 1.6
- போன், ரீவி, பிள்ளையோட இருக்கிறது 1.5 × 1.4 = 2.1

எல்லாம் கூட்ட 36.65, அதை 24ஆல பிரிச்சா 1.53. ஆக 1277 × 1.53 = 1954, ஏறக்குறைய 1950. மணித்தியாலம் கூட்டேக்க 24 வருதோ எண்டு கட்டாயம் பாருங்கோ, 26 மணித்தியாலம் வேலை செய்யிற ஆக்கள்தான் கொப்பியில கூட.

இரண்டு அட்டவணையைக் கலக்காதேங்கோ. கல்குலேற்றரில "குறைஞ்ச வேலை" 1.2, ஆனா நான் சொன்ன அறிக்கையில குறைஞ்ச வேலை எண்ட வகுப்பே 1.40இல தொடங்கி 1.69 வரை போகுது. ஒண்டில சொல்லைப் பாத்து மற்றதில நம்பரை எடுத்தா சரிவராது. 1.2 எண்டது அநேகமாக் கட்டிலோட இருக்கிற ஆளுக்குத்தான் பொருந்தும், சமைச்சுக் கூட்டி நடந்து திரியிற ஒருத்தருக்கும் அது வராது.

இன்னொரு பிழை, ஜிம்முக்குப் போற பெடியள் விடுறது. "கிழமைக்கு 5 நாள் ஜிம்" எண்டு மேல் மடங்கை எடுத்திட்டு, கையில கட்டின மணிக்கூடு காட்டுற 400 கலோரியையும் அதுக்கு மேல கூட்டுவினம். மடங்குக்குள்ள அந்த ஜிம் ஏற்கனவே இருக்கு, இரண்டு தரம் கூட்டுறதால அவைக்கு ஏன் வயிறு குறையேல்லை எண்டு விளங்காது.

5. வந்த நம்பருக்குப் பக்கத்தில ஒரு கேள்விக்குறி போடுங்கோ

1950 எண்டு எழுதிப்போட்டு, பக்கத்தில "1750 – 2150" எண்டும் எழுதுங்கோ. சும்மா பயத்துக்கு இல்லை, காரணம் இருக்கு.

அந்தச் சூத்திரம் 1990இல வந்தது, அமெரிக்காவில 498 சுகதேகிகளை அளந்து போட்ட சராசரிக் கோடு. சராசரிக் கோட்டில எல்லாரும் இருக்க மாட்டினம். உடற்பருமன் இல்லாத ஆக்களில கிட்டத்தட்ட 10 பேரில 8 பேருக்குத்தான் அது உண்மையா அளந்த அளவுக்கு 10 வீதத்துக்குள்ள வரும், மற்ற இரண்டு பேருக்கு அதையும் தாண்டும், நீங்கள் அந்த எட்டில ஒருத்தரோ இரண்டில ஒருத்தரோ எண்டு சூத்திரத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது.

பிறகு, சூத்திரத்துக்கு உங்கட நிறை மட்டும்தான் தெரியும், அதில தசை எவ்வளவு கொழுப்பு எவ்வளவு எண்டு தெரியாது. கொழுப்பை விடத் தசை கூட எரிக்கும். எங்கட தெற்காசிய ஆக்களுக்கு அதே உயரம் அதே நிறையில வெள்ளைக்காரரை விடக் கொழுப்பு கூட, தசை குறைவா இருக்கிறது வழமை, அதால சூத்திரம் எங்களுக்குக் கொஞ்சம் கூடச் சொல்லுறதுக்கு இடமிருக்கு. மறுபக்கம், சின்ன வயசில இருந்து மண்வெட்டி பிடிச்ச ஒரு 60 கிலோ ஆளும் கடையில கதிரையில இருக்கிற 60 கிலோ ஆளும் சூத்திரத்துக்கு ஒரே ஆள்.

இதில நிப்பாட்டினால் 200 கலோரி அங்கால இஞ்சால தெரியாமலே இருப்பியள். மாசம் முழுக்க நாளுக்கு 200 கலோரி கூடினா கிட்டத்தட்ட முக்கால் கிலோ.

6. வழமையாச் சாப்பிடுறதை, மாத்தாம, எழுதுங்கோ

"மாத்தாம" எண்டதுதான் முக்கியம். எழுதத் தொடங்கின நாளிலயே கனபேர் வெட்கத்தில சீனியைக் குறைச்சு இரவில பாணை விட்டுப்போட்டு நல்ல பிள்ளையா மாறிடுவினம். அப்பிடிச் செய்தா முதல் கிழமை உப்பும் மாச்சத்தும் குறைஞ்சதால தண்ணி இறங்கி ஒரு கிலோ போன மாதிரிக் காட்டும், பிறகு முழுக் கணக்கும் பிழைக்கும்.

எங்கட வீட்டில ஒருத்தருக்கு எண்டு சமைக்கிறதில்லை, ஒரு பானை எல்லாருக்கும். அதுக்கு வழி, சமைக்க முதல் பச்சையா நிறுக்கிறது. உதாரணத்துக்கு 1 கிலோ அரிசி போட்டியள், பச்சை அரிசியோ புழுங்கலோ நாட்டரிசியோ 100 கிராமுக்கு 355 எண்டு வச்சா முழுப் பானையும் 3550. வெந்து வடிச்சாப் பிறகு சோற்றை நிறுங்கோ, வெறும் பானையின்ர நிறையைக் கழிச்சுப்போட்டு. 2700 கிராம் வந்தா 100 கிராம் சோறு 131 கலோரி. அக்கா கோப்பையில 350 கிராம் போட்டா 460 தான். பச்சை அரிசியின்ர 355ஐ எடுத்து வெந்த சோற்றுக்குப் போட்டால் அதே கோப்பை 1240 எண்டு காட்டும், இந்தப் பிழையைப் பாத்துப் பயந்து சோறே சாப்பிடாம விட்ட ஆக்களும் இருக்கினம்.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை அப்பிடியே நிறுங்கோ, அரிசி மா, கோதுமை மா இரண்டும் 100 கிராமுக்கு 360 கிட்ட. புட்டுக்குப் போடுற தேங்காய்ப்பூவை மறக்காதேங்கோ, 100 கிராம் 350 மாதிரி. ஒரு றாத்தல் பாண் 450 கிராம் எண்டா 1150 – 1200, அரை றாத்தல் அதில பாதி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. சீனி ஒரு மட்டமான தேக்கரண்டி 16 தான், ஆனா நாங்கள் மட்டமாப் போடுறதில்லை, குவிச்சுத்தான் போடுறது. நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொண்டிலயும் குவிச்சு இரண்டு எண்டா அதுமட்டும் 200ஐத் தாண்டும். அந்தக் கரண்டியில ஒரு தரம் எடுத்துச் சின்னத் தராசில போட்டுப் பாருங்கோ, பிறகு எப்பவும் அதே நம்பர்.

சொதிக்குப் பிழியிற தேங்காய்ப்பால்தான் ஆருக்கும் பிடிபடாதது. பூவில உள்ளது எல்லாம் பாலில வராது, சக்கையில கொஞ்சம் நிக்கும், எவ்வளவு எண்டது பிழியிற கையைப் பொறுத்தது. இதில மண்டையைக் குழப்பாதேங்கோ. முழுப் பூவின்ர கலோரியையும் போடுங்கோ, அல்லது முக்கால்வாசி எண்டு போடுங்கோ, எதைப் போட்டாலும் கடைசி நாள் வரைக்கும் அதையே போடுங்கோ. ஏனெண்டு 8ம் படியில விளங்கும்.

ஒரே மாதிரி விடுற பிழையைக் கணக்குத் தாங்கும், இடைக்கிடை விடுறதைத் தாங்காது. கலியாண வீடு, கோயில் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன நாள், ரவுணில நிண்டு சாப்பிட்ட கொத்து, இதுகளை "அண்டைக்கு நிறுக்கேலாது" எண்டு வெறுமையா விடுறதுதான் கூடாது. கண்ணளவில ஒரு நம்பரைப் போடுங்கோ. வெறும் பக்கம் எண்டா அண்டைக்கு நீங்கள் பட்டினி எண்டுதான் கூட்டல் எடுக்கும்.

7. காலமை நிறையை ஒவ்வொரு நாளும், கிழமைச் சராசரியா

எழும்பி, கழிப்பறைக்குப் போய் வந்து, தேத்தண்ணி குடிக்க முதல், ஒரே மாதிரி உடுப்போட. நிறுத்த உடனே எழுதுங்கோ, மனசில வச்சிருந்தா நல்ல நம்பர்தான் ஞாபகம் வரும்.

அக்காவின்ர முதல் கிழமை இப்பிடி எண்டு வைப்பம்: 64.3, 64.9, 64.6, 64.1, 64.0, 64.4, 64.5. இரண்டாம் நாள் 64.9 ஏறினது முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு, உப்பு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கு. ஒரு இரவில 600 கிராம் கொழுப்பு ஏற 4600 கலோரி மிஞ்ச வேணும், அவ்வளவு கருவாடு ஆரும் சாப்பிடேல்லை. அதால ஒரு நாள் நம்பரைப் பாத்துச் சந்தோசமும் வேண்டாம் கவலையும் வேண்டாம், ஏழையும் கூட்டி ஏழால பிரிச்சா 64.4, அந்த ஒரு நம்பரைத்தான் வச்சிருக்கிறது.

மாதவிடாய் வாற பெண்கள் முதல் கிழமையை ஐஞ்சாம் கிழமையோட ஒப்பிட வேணும், இரண்டாம் மூண்டாம் கிழமையோட இல்லை. வாறதுக்கு முதல் நாட்களில உடம்பு தண்ணி பிடிக்கும், ஒரு கிலோவுக்கு மேலயும் ஏறலாம். 28 நாள் இடைவெளி விட்டா ஏறக்குறைய அதே கட்டத்தில வந்து நிப்பியள், அந்தத் தண்ணி இரண்டு பக்கமும் ஒண்டாயிருக்கும். சுத்து 28க்கு ஒத்து வராத ஆக்கள் தங்கட சுத்தின்ர நாளையே இடைவெளியா எடுக்கலாம். ஆம்பிளையளுக்கு 3 கிழமை இடைவெளியும் காணும், ஆனா கூட விட்டா நல்லம்.

8. இரண்டு கொப்பியையும் சேர்த்துக் கணக்கை முடியுங்கோ

ஐஞ்சாம் கிழமைச் சராசரி 63.8 வந்துது எண்டு வைப்பம். 64.4இல இருந்து 0.6 கிலோ குறைவு, இடைவெளி 28 நாள். அந்த நாட்களில எழுதின சாப்பாட்டின்ர சராசரி நாளுக்கு 1620.

உடம்புக் கொழுப்பில ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 7700 கலோரி எண்டு எடுக்கிறது. 0.6 × 7700 = 4620, அதை 28ஆல பிரிச்சா 165. அதாவது அவ சாப்பிட்டதை விட நாளுக்கு 165 கூட எரிஞ்சிருக்கு, அதைத்தான் உடம்பு தன்ர சேமிப்பில இருந்து எடுத்துது. ஆக நிறை நிக்கிற அளவு 1620 + 165 = 1785, சரி 1800 எண்டு வைப்பம். நிறை கூடியிருந்தா அதைக் கூட்டாமக் கழிக்க வேணும், இந்த இடத்தில கூட்டல் கழித்தல் மாறுறது சாதாரணமா நடக்கும்.

சூத்திரம் 1950 சொன்னது, தராசு 1800 சொல்லுது. எது உண்மை? 150 கலோரி எங்க போச்சு எண்டா, அக்காவின்ர உடம்பு உண்மையாவே குறைய எரிக்கலாம், அல்லது கறி கிண்டேக்க வாயில போட்டதும் பிள்ளை மிச்சம் விட்ட சோறும் கொப்பியில வராம இருக்கலாம். எது எண்டு எங்களால பிரிச்சறிய ஏலாது, பிரிக்கத் தேவையும் இல்லை. அவ அதே கரண்டியால, அதே தேங்காய்க் கணக்கால, அதே மறதியோட எழுதுற வரைக்கும், அவவின்ர கொப்பியில 1800 வாற நாட்களில நிறை நிக்கும். அதாலதான் தேங்காய்ப்பாலுக்கு எதைப் போட்டாலும் மாத்தாம போடச் சொன்னது. ஆனா இதே காரணத்தால அந்த 1800ஐ இன்னொருத்தருக்குக் குடுக்கேலாது, அவவே நாளைக்கு வேற அப் ஒண்டுக்கு மாறி வேற முறையில எழுதினாலும் அது பொருந்தாது.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. கிழமைச் சராசரியிலயும் ஒரு 0.3 கிலோ தண்ணி ஆட்டம் ஒளிஞ்சிருக்கலாம். 28 நாளில அது 0.3 × 7700 ÷ 28, அதாவது 80 கலோரி பிழை, தாங்கலாம். அதே ஆட்டத்தை ஒரே கிழமையில பாத்தா ÷ 7, 330 கலோரி பிழை, அது சூத்திரத்தை விட மோசம். "ஒரு கிழமை எழுதிப் பாத்தன், ஒண்டும் ஒத்து வரேல்லை" எண்டு சொல்லுற ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டா இதுதான். 7700உம் கல்லில எழுதினதில்லை, குறையிறதில தசையும் தண்ணியும் கலந்திருந்தா ஒரு கிலோவுக்குக் கலோரி குறையும், அதால நிறை கடுமையா ஏறி இறங்கின மாசத்தில கணக்கு எடுக்காதேங்கோ. காய்ச்சல், வயித்தோட்டம் வந்த மாசமும் அப்பிடித்தான்.

பிறகு ஒரு சோதனை: இன்னும் 3, 4 கிழமை கொப்பியில 1800 வாற மாதிரிச் சாப்பிட்டுப் பாக்கிறது. சராசரி 0.3 கிலோவுக்குள்ள நிண்டா நம்பர் சரி. மெதுவா இறங்கிக்கொண்டே போனா 100ஐக் கூட்டுங்கோ, ஏறினா 100ஐக் குறையுங்கோ, ஒரேயடியா 300, 400 எண்டு மாத்த வேண்டாம்.

9. எப்ப திரும்பக் கணக்கெடுக்கிறது

நிறை 4, 5 கிலோ மாறினா, வேலை மாறினா, நடை போய் மோட்டார் சைக்கிள் வந்தா. சாப்பாட்டைக் குறைச்சுக்கொண்டு வாற ஆக்களுக்கு இன்னொண்டும் நடக்கும், தெரியாமலே அசையிறது குறையும், எழும்பிப் போய் எடுக்கிறதுக்குப் பதிலாப் பிள்ளையைக் கூப்பிடுவினம், அதால பழைய நம்பர் மெல்ல மெல்லக் கூடிப் போயிடும்.

வயல் செய்யிற ஆக்களுக்கு ஆண்டுக்கு ஒரு நம்பர் சரிவராது. 45 வயசு, 168 செ.மீ, 60 கிலோ ஆள் ஒருத்தருக்குச் சூத்திரம் 1430 சொல்லும். காலபோகத்தில வரம்பு கட்டுறது, களை பிடுங்கிறது எண்டு 6 மணித்தியாலம் கையால வேலை (× 4.1), 8 நித்திரை, மிச்சம் 10 மணித்தியாலத்துக்குச் சராசரி 1.6 எண்டு போட்டா மடங்கு 2.03, கிட்டத்தட்ட 2900 கலோரி. அதே ஆள் வெட்டு முடிஞ்சு, இரணைமடுவில தண்ணி காணாம சிறுபோகம் இல்லாத மாசங்களில 8 நித்திரை, 2 மணித்தியாலம் நடந்து திரிஞ்சு (× 3.2) மிச்ச நேரம் அதே 1.6இல சந்தியிலயும் வீட்டிலயும் நிண்டா 1.53, 2190. வித்தியாசம் 700, ஆனா கோப்பை அதே கோப்பைதான், அந்த மாசங்களில வயிறு வைக்கிறது அதாலதான்.

அவர் இரண்டு தரம் எடுக்க வேணும், வேலை கூடின மாசத்தில ஒண்டு, ஓய்வு மாசத்தில ஒண்டு. வெட்டுறதுக்கு மெஷின் பிடிக்கிற ஆக்கள் அறுவடை மாசத்தைக் கடும் வேலை மாசம் எண்டு எழுதாதேங்கோ, வரம்பில நிண்டு மூட்டை எண்ணுறதுக்கு 4.1 இல்லை. மருந்துத் தாங்கியை முதுகில போட்டு அடிக்கிற நாட்களையும் சும்மா போய்த் தண்ணி பாத்திட்டு வாற நாட்களையும் தனித்தனியா எழுதி, கிழமைக்குச் சராசரி எடுங்கோ. அளக்கத் தொடங்குறதுக்கு வேலை ஒரே மாதிரிப் போற ஒரு 5 கிழமையைப் பாத்துப் பிடிக்கிறது நல்லம், விதைப்பு நடுவில தொடங்கினா முதல் கிழமையும் கடைசிக் கிழமையும் இரண்டு வேற ஆக்களின்ர கணக்கு மாதிரி வரும்.